பிளீட் வைத்தும் பார்டர் ஏன் ஒரு பக்கம் ஒதுங்குகிறது?

கேள்வி: காரைக்குடியில் தங்கச்சி கல்யாணத்துக்கு நானே கார்டு டிசைன் செய்தேன். 7×5 இன்ச், மடிப்பில்லாத ஒற்றை அட்டை, இரண்டு பக்கமும் கலர். பின்னணி அரக்குச் சிவப்பு. ஓரத்திலிருந்து 3 எம்.எம். உள்ளே சுற்றிலும் மெல்லிய தங்க நிறக் கோடு, அதற்குள் ஆத்தங்குடிக் கல் மாதிரி பார்டர். பிரஸ்ஸில் பிளீட் கேட்டார்கள், ஃபைலை அந்த அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். 20 கார்டு சாம்பிள் வந்தது. ஒரு பக்கம் கோடே காணோம், எதிர்ப்பக்கம் ஒரு எம்.எம். இடைவெளி. பிளீட் வைத்தும் ஏன் இப்படி? கட்டிங் செய்தவர் தப்பா, என் தப்பா? இன்னும் 500 அடிக்க வேண்டும்.

பதில்: இரண்டு சங்கதி ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. கோடு ஓரத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது ஃபைலில் நடந்தது. ஒரு பக்கம் காணாமல் போய் மறுபக்கம் இடைவெளி விழுந்தது கட்டிங்கிலோ பேப்பர் ஓட்டத்திலோ நடந்தது. ஆனால் அந்த நகர்வு எந்த பிரஸ்ஸிலும் இருக்கக்கூடிய அளவுதான். முதல் பிழை இல்லாமல் இருந்திருந்தால் இரண்டாவது இவ்வளவு அசிங்கமாகத் தெரிந்திருக்காது.

ஃபைலில் இருப்பது மூன்று எல்லைகள். நடுவில் உள்ளது கார்டு வெட்டப்பட வேண்டிய கோடு, உங்களுக்கு 177.8×127 எம்.எம். அதற்கு வெளியே நாலா பக்கமும் 3 எம்.எம். கூடுதலாக ஓட விடும் கலர்தான் பிளீட்; அது வெட்டில் போய்விடும். கத்தி அரை எம்.எம். வெளியே விழுந்தாலும் வெள்ளைப் பேப்பர் தெரியாமல் சிவப்பே தெரிய வேண்டும் என்பதற்காக வைப்பது. வெட்டுக் கோட்டுக்கு உள்ளே ஒரு 5 எம்.எம். தள்ளியிருப்பது சேஃப் மார்ஜின். கத்தி உள்ளே விழுந்தாலும் எழுத்து அடிபடாமல் இருக்க அது. பிளீட் காப்பாற்றுவது ஓரம் வரை ஓடும் கலரை மட்டும்தான். ஓரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோட்டை அது காப்பாற்றாது. உங்கள் தங்கக் கோடு 3 எம்.எம்.மில் இருந்ததால் அது ஆரம்பத்திலேயே சேஃப் மார்ஜினுக்கு வெளியே, ஆபத்தான பட்டையில்தான் இருந்தது.

இப்போது பெரிதாக்கியதில் என்ன ஆனது என்று கணக்குப் போடுங்கள். 177.8-ஐ 183.8 ஆக்கியிருக்கிறீர்கள், அதாவது சுமார் 3.4 சதவீதம் இழுத்திருக்கிறீர்கள். கார்டின் நடுவிலிருந்து ஓரம் வரை 88.9 எம்.எம். கோடு அதில் 3 எம்.எம். உள்ளே, அதாவது நடுவிலிருந்து 85.9-ல் இருந்தது. 3.4 சதவீதம் இழுத்ததும் அது 88.8-க்கு வந்துவிட்டது. வெட்டு விழுவது 88.9-ல். ஆக மிச்சம் 0.1 எம்.எம்., ஒரு தாளின் கனம். மேல் கீழிலும் இதே கதைதான். அங்கே மிச்சம் 0.14. நீங்கள் வைத்த 3 எம்.எம். இடைவெளி முழுவதும் பிளீட்டாக மாறி வெட்டில் விழுந்துவிட்டது. மேலும் நீளத்தில் 3.4 சதவீதமும் உயரத்தில் 4.7 சதவீதமும் இழுபட்டதால் உங்கள் கல் சதுரமாகவே இருக்காது, ஸ்கேல் வைத்துப் பாருங்கள். டிசைனை அப்படியே இழுத்துப் பெரிதாக்குவது பிளீட் வைப்பது ஆகாது. உள்ளே இருப்பது ஒரு மயிரிழை நகரக் கூடாது. பின்னணி மட்டும் வெளியே நீள வேண்டும்.

அடுத்தது அந்த ஒரு எம்.எம். நகர்வு. டிஜிட்டல் மெஷினில் ஒவ்வொரு தாளும் உள்ளே போகும்போது அரை எம்.எம்., சில சமயம் ஒரு எம்.எம். வரை இப்படி அப்படி விலகும். ஆஃப்செட்டில் கிரிப்பரும் பக்க கைடும் தாளைப் பிடித்து நிறுத்துவதால் விலகல் குறைவு, விலகினாலும் எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதன் பிறகு கட்டிங். அடுக்கின் மேல் கத்தி சாய்வாக இறங்கும்போது தாளைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இறங்கும். கத்தி மழுங்கியிருந்தாலோ அடுக்கு உயரமாக இருந்தாலோ மேல் தாளும் அடித் தாளும் ஒரே அளவில் வெட்டுப்படாது. லேமினேஷன் போட்ட அட்டை வழுக்கும், அங்கே இன்னும் கவனம் வேண்டும்.

உங்களிடம் இருக்கும் 20 கார்டிலேயே எது காரணம் என்று கண்டுபிடிக்கலாம். முதலில் கார்டின் நீளத்தையும் உயரத்தையும் ஸ்டீல் ஸ்கேலில் அளந்து பாருங்கள். 177.8×127 சரியாக இருந்தால் வெட்டு அளவு சரி, அச்சோ வெட்டு விழுந்த இடமோதான் நகர்ந்திருக்கிறது. இரண்டு மூலைவிட்டங்களும் வேறு வேறாக இருந்தால் கார்டு கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. பிறகு கோட்டுக்கும் ஓரத்துக்கும் உள்ள இடைவெளியை இடது வலது இரண்டிலும் அளந்து கூட்டுங்கள். உங்கள் டிசைன்படி 6 வர வேண்டும். 2-ம் 4-ம் இருந்தால் நகர்வு மட்டுமே பிரச்சினை. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கூட்டினால் ஒன்றுதான் வரும். அதனால்தான் ஃபைல் இழுபட்டிருக்கிறது என்று இங்கிருந்தே உறுதியாகச் சொல்ல முடிகிறது. நகர்வுக்குக் காரணம் எது என்பதைக் கார்டைப் பார்க்காமல் அப்படி அடித்துச் சொல்ல முடியாது, பிரித்துப் பார்க்க வேண்டும். 12×18 ஷீட்டில் உங்கள் சைஸ் பிளீட்டோடு நாலு கார்டு அடங்கும், ஆக 20 கார்டு என்றால் பெரும்பாலும் ஐந்து ஷீட். கார்டுகளை நகர்ந்த திசைப்படி பிரித்து வையுங்கள். ஐந்து ஐந்தாக ஒரே மாதிரி பிரிந்தால் ஷீட்டில் கார்டுகளை அடுக்கிய லேஅவுட்டிலோ கட்டிங் அளவிலோ பிழை, ஒரு முறை திருத்தினால் முடிந்துவிடும். ஒழுங்கே இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருந்தால் அது பேப்பர் ஓடும்போது வரும் விலகல், அதை அடியோடு ஒழிக்க முடியாது.

கத்தி இழுப்பு உங்கள் சாம்பிளில் காரணமாக இருக்க வாய்ப்பில்லை. 300 ஜி.எஸ்.எம். அட்டை ஐந்து தாள் என்றால் இரண்டு எம்.எம். உயரம்கூட வராது. ஆனால் 500 கார்டுக்கு 125 ஷீட், அதை ஒரே அடுக்காக வைத்தால் நாலு சென்டிமீட்டர் உயரம். சாம்பிள் சுத்தமாக வந்து மொத்த ஆர்டர் கோணலாக வருவதற்கு இது ஒரு சாதாரணக் காரணம்.

அப்படியானால் நகர்வு இருக்கும் என்று ஒத்துக்கொண்டுதான் டிசைன் போட வேண்டும். நம் கண் எம்.எம். கணக்கைப் பார்ப்பதில்லை, இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கிறது. ஓரத்திலிருந்து 3 எம்.எம்.மில் இருக்கும் கோடு ஒரு எம்.எம். நகர்ந்தால் ஒரு பக்கம் 2, மறுபக்கம் 4, அதாவது இரண்டு மடங்கு. யாருக்கும் பளிச்சென்று தெரியும். அதே கோடு 10 எம்.எம்.மில் இருந்து அதே ஒரு எம்.எம். நகர்ந்தால் 9-ம் 11-ம். கார்டை வாங்கிப் பார்ப்பவர் யாரும் கண்டுபிடிக்க மாட்டார். கண்டாங்கிச் சேலையின் அகலக் கரையில் நாலு நூல் கூடக் குறைய இருந்தால் தெரியாது, ஒற்றை ஜரிகைக் கோட்டில் தெரியும், அதே கதைதான். ஆகவே முதல் வழி, தங்கக் கோட்டை ஓரத்திலிருந்து குறைந்தது 8, முடிந்தால் 10 எம்.எம். உள்ளே இழுங்கள். சிவப்புப் பின்னணியை மட்டும் வெளியே 3 எம்.எம். ஓட விடுங்கள்.

இரண்டாவது வழிதான் இந்த டிசைனுக்கு அழகு என்பேன். வெளிக் கோட்டையே எடுத்துவிட்டுக் கல் பார்டரை ஓரம் தாண்டி ஓட விடுவது. கோட்டைப் பார்டரின் உள்பக்கம் வையுங்கள், அங்கே அது கத்திக்கு எட்டாது. ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. 7×5 இன்ச் என்பதால் அரை இன்ச் கல்லாகப் போட்டால் நீளத்தில் 14, உயரத்தில் 10 என்று கச்சிதமாக உட்காரும். பார்த்ததும் ஆசையாக இருக்கும், ஆனால் போடவே கூடாத அளவு அதுதான். கல்லும் கல்லும் சேரும் கோடு சரியாக வெட்டுக் கோட்டின் மேலேயே விழும். கத்தி அரை எம்.எம். வெளியே போனால் அடுத்த கல்லின் ஓரம் நூல் மாதிரி ஒரு பக்கம் மட்டும் தெரியும். உள்ளே போனால் கல்லின் விளிம்புக் கோடு ஒரு பக்கம் மட்டும் காணாமல் போகும்.

கல்லின் அளவை மாற்ற வேண்டாம், அரைக் கல் தள்ளி வையுங்கள். 14-க்குப் பதில் 15, 10-க்குப் பதில் 11 கல். மொத்தம் 190.5×139.7 எம்.எம். வரும். கார்டின் நடுவோடு நடுவாக வைத்தால் நாலு பக்கமும் 6.35 எம்.எம். வெளியே நீட்டும், அது சரியாக அரைக் கல். இப்போது வெட்டு எல்லாப் பக்கமும் கல்லின் நடுவயிற்றில் விழும். அங்கே ஒரு எம்.எம். கூடக் குறைந்தாலும் பூவின் பாதி கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கும், அவ்வளவுதான். 3 எம்.எம். பிளீட்டுக்குத் தேவையான டிசைனும் தானாகவே கிடைத்துவிடுகிறது. பார்டருக்கு அந்த அரைக் கல்லும் அதற்கு உள்ளே ஒரு முழுக் கல்லும் போதும், 19 எம்.எம். அகலம் வரும். உள்ளே மிச்சம் 5½×3½ இன்ச். ஒன்று மட்டும் கவனியுங்கள்: கல்லின் நட்டநடுவில் நேர்க்கோடோ பூவின் மையப் பொட்டோ இருந்தால் வெட்டு அதன் மேல் விழும். அப்போது அரைக் கல் தள்ளாமல் கால் கல் தள்ள வேண்டியிருக்கும், இல்லை வேறு கல்லைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தங்கக் கோட்டைக் கலர் அச்சாக இல்லாமல் ஃபாயிலாகப் போடும் எண்ணம் இருந்தால் இன்னொரு நகர்வும் சேரும். ஃபாயில் தனியாகச் சூடு போட்டு அழுத்தும் வேலை, அச்சோடு மிகச் சரியாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. கல்லின் விளிம்பை ஒட்டி ஃபாயில் கோடு வைக்காமல் ஒரு எம்.எம்.மாவது தள்ளி, சுத்தமான சிவப்பின் மேல் வையுங்கள்.

எழுத்து விஷயத்தில் 5 எம்.எம். சேஃப் மார்ஜின் என்பது குறைந்தபட்சம். நம் பக்கத்துக் கார்டில் கோயில் பெயர், ஊர், இரு வீட்டார் விலாசம் என்று எல்லாம் நிறைந்திருக்கும், எழுத்தை ஓரம் வரை தள்ளத்தான் தோன்றும். அளக்கும்போது முதல் வரியிலிருந்து அளக்காதீர்கள். உச்சியில் இருப்பது பிள்ளையார் சுழி, அதன் தலையிலிருந்து அளக்க வேண்டும். தமிழ் எழுத்தில் ‘கீ’, ‘மி’ மாதிரி மேலே கொக்கி உள்ளவையும் ‘சு’, ‘பு’ மாதிரி கீழே இறங்குபவையும் உண்டு. பழைய ஃபான்ட் சிலவற்றில் அந்தக் கொக்கி டெக்ஸ்ட் பாக்ஸுக்கு வெளியே நீண்டிருக்கும். பாக்ஸ் மார்ஜினுக்குள் இருக்கிறதே என்று நம்பாமல், எழுத்தை கர்வ் ஆக்கிய பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். இன்னொன்று மஞ்சள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கார்டு போகும் என்பதால் மூலையில் ஒரு 12 எம்.எம். சதுரத்துக்குள் எழுத்தே வரக் கூடாது. மேலே பளபள லேமினேஷன் போட்டால் மஞ்சள் உறிஞ்சாமல் அடுத்த கார்டில் ஒட்டும், அதையும் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பக்கம் அச்சு என்பதால் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக விலகும். டிஜிட்டலில் முதல் பக்கம் அச்சாகும்போது சூட்டில் தாள் ஈரம் இழந்து மிகச் சிறிதளவு சுருங்கும், அந்தச் சுருங்கிய தாளில்தான் பின்பக்கம் விழுகிறது. வெட்டுவது முன்பக்கக் குறியைப் பார்த்து. ஆகவே பார்டர் உள்ள பக்கத்தை முன்பக்கமாகக் கொடுங்கள். பின்பக்கம் ஓரக் கோடு எதுவும் இல்லாமல் வெறும் பின்னணியும் எழுத்துமாக இருக்கட்டும். அங்கே மார்ஜினை 7 எம்.எம். ஆக்கிக்கொண்டால் கவலை இல்லை.

ஃபைலைத் திருத்தும் முறை. கோரல் டிராவில் பக்க அளவை 177.8×127 என்றே வையுங்கள், 183.8 என்று மாற்றாதீர்கள். பக்க அமைப்பில் `Bleed` என்ற இடத்தில் 3 கொடுத்து, பின்னணிக் கட்டத்தை மட்டும் 183.8×133 ஆக்கி நடுவில் நிறுத்துங்கள். PDF எடுக்கும்போது `Prepress` பகுதியில் `Bleed limit`-ஐ 3 ஆக்கி `Crop marks`-ஐ டிக் செய்யுங்கள். இதை மறந்தால் நீங்கள் வரைந்த பிளீட் PDF-க்குள் வரவே வராது. இல்லஸ்ட்ரேட்டரில் `File > Document Setup` போய் பிளீட் கொடுத்து, PDF சேமிக்கும்போது `Marks and Bleeds` பகுதியில் `Use Document Bleed Settings` டிக் செய்யுங்கள். கான்வா என்றால் `Show print bleed` போட்டுப் பின்னணியை அந்தக் கோடு வரை இழுத்து, `PDF Print` எடுக்கும்போது `Crop marks and bleed` டிக் செய்தால் போதும். போட்டோஷாப்பில் பக்க அமைப்பில் பிளீட் என்று தனியாக எதுவும் இல்லை. `Canvas Size`-ல் 183.8×133 எம்.எம். ஆக்கிவிட்டு (300 dpi-யில் 2171×1571 பிக்சல்) வெளியே விரிந்த இடத்தில் பின்னணியை நீட்ட வேண்டும். `Image Size` போனால் பழைய தப்புதான் திரும்ப வரும்.

கடைசியாக PDF-ஐத் திறந்து மூலைக் குறிகளைப் பாருங்கள். குறிகளுக்கு இடையே 177.8×127 இருக்க வேண்டும், அந்தக் குறிகளைத் தாண்டியும் சிவப்புப் பின்னணியோ கல் பார்டரோ நீண்டிருக்க வேண்டும். குறியோடு கலர் நின்றுவிட்டால் பிளீட் இல்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் பெரிய தாளில் அடித்து வெட்டும் கார்டுக்குத்தான். சிவகாசியில் இருந்து வரும் ரெடிமேட் கார்டில் எழுத்து மட்டும் அடிக்கும் திட்டத்துக்கு மாறினால் பிளீட்டுக்கு வேலையே இல்லை, கார்டு ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. அங்கே கேட்க வேண்டியது கிரிப்பர் எந்தப் பக்கம் பிடிக்கும் என்று. அந்த ஓரத்தில் சுமார் 10 எம்.எம். வரை மெஷினால் அச்சிட முடியாது. பிள்ளையார் சுழி அந்தப் பக்கம் வந்துவிட்டால் கார்டைத் தலைகீழாக ஓட்டச் சொல்ல வேண்டும்.

பிரஸ்ஸில் பேசும்போது சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான். முடிந்த அளவு 177.8×127, பிளீட் 3 எம்.எம்., பார்டர் உள்ளது முன்பக்கம். ஷீட்டில் அடுக்கும்போது கார்டும் கார்டும் ஒட்டாமல் நடுவில் 6 எம்.எம். விட்டு இரண்டு வெட்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒரே வெட்டில் பிரித்தால் பக்கத்துக் கார்டின் கல் இதில் ஒட்டிக்கொண்டு வரும். 125 ஷீட்டையும் ஒரே அடுக்காக வைக்காமல் 40, 50 ஷீட்டாகப் பிரித்து வெட்டச் சொல்லுங்கள், நேரம் கூட ஆகும் என்று கட்டிங்காரர் முணுமுணுப்பார், கொஞ்சம் காசு கூடக் கேட்டாலும் கொடுத்துவிடலாம். முதல் அடுக்கு வெட்டியதும் அதன் மேல் கார்டையும் அடிக் கார்டையும் எடுத்து ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஓரம் வழுவாமல் நின்று, இரண்டிலும் கல்லின் பாதி ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால் மீதியை வெட்டச் சொல்லலாம். அரை எம்.எம்.முக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அடுக்கை இன்னும் குறைக்கச் சொல்லுங்கள், அப்படியும் சரியாகவில்லை என்றால் கத்தியைத் தீட்டக் கொடுக்க வேண்டிய நேரம்.